நேரக்குறி நீலமாக வருகிறது, அத்தியாயம் மட்டும் பிரியவில்லை

“வணக்கம் ஐயா. எங்கள் சனசமூக நிலையத்தில் நடந்த நூல் வெளியீட்டு விழாவை முழுதாகப் பதிவுசெய்து யூடியூப்பில் ஏற்றினேன். வெளியீட்டுரையின் நடுவில் மின்சாரம் நின்றிருந்த பகுதியைப் பிறகு அங்கேயே வெட்டினேன். இப்போது காணொளி 2 மணி 47 நிமிடம். விளக்கத்தில் நேரங்களை வரிசையாக எழுதினேன். அவை நீல நிறத்தில் வருகின்றன, தொட்டால் காணொளியும் ஓடுகிறது. ஆனால் அடியில் இருக்கும் கோடு துண்டுகளாகப் பிரியவில்லை. பின்பாதியில் சில நேரங்கள் வேறு இடத்துக்குப் போகின்றன. எங்கே பிழை விட்டேன்?”

```
4:10 மங்கல விளக்கேற்றல்
9:35 வரவேற்புரை
21:50 தலைமையுரை
1:32:25 ஆசியுரை
52:20 வெளியீட்டுரை
1:24:30 முதற்பிரதி வழங்கல்
1:24:37 சிறப்புப் பிரதி வழங்கல்
1:38:05 மதிப்பீட்டுரை
2:20:55 ஏற்புரை
2:45:40 நன்றியுரை
```

தம்பி, உங்களுக்கு வந்திருப்பது ஒன்றல்ல, இரண்டு சிக்கல்கள். கோடு பிரியாததற்குக் காரணம் வேறு, நேரம் தவறுவதற்குக் காரணம் வேறு. ஒன்றைத் திருத்தினால் மற்றது தானாகச் சரியாகாது. 14 வருடங்களாக யாழ்ப்பாணத்தில் விழாக்களைப் படம்பிடித்து ஏற்றிவருகிறேன். இந்த இரண்டிலும் நானும் அகப்பட்டிருக்கிறேன். கீழே சொல்வதில் யூடியூப் எழுதிவைத்த விதி எது, என் பழக்கம் எது என்பதைப் பிரித்தே சொல்கிறேன். பழக்கத்தை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். விதியை மாற்ற முடியாது.

முதலில் கோடு. நேரம் நீலமாக வருவதும் அந்தக் கோடு அத்தியாயங்களாகப் பிரிவதும் ஒரே வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அவை தனித்தனி வேலைகள். முக்காற்புள்ளி போட்டு எண்களை எழுதினால், அந்த நேரம் காணொளியின் நீளத்துக்குள் இருந்தால், யூடியூப் அதை இணைப்பாக மாற்றிவிடும். அதற்கு வரிசை வேண்டாம், தொடக்கம் வேண்டாம், ஒரு பார்வையாளர் கருத்துப் பகுதியில் எழுதினாலும் அது நீலமாகும். அத்தியாயத்துக்கு அப்படி அல்ல. விளக்கத்தில் உள்ள முழுப் பட்டியலையும் ஒன்றாக வாசித்து, அது விதிக்கு அமைந்திருந்தால்தான் கோட்டைப் பிரிக்கும். ஒரு வரி பிழைத்தால் அந்த ஒரு அத்தியாயம் மட்டும் விடுபட்டுப் போவதில்லை, முழுப் பட்டியலுமே விழுந்துவிடும். எந்த வரி பிழை என்று ஓர் அறிவிப்பும் வராது. நீலம் இருக்கிறது, கோடு பிரியவில்லை என்ற நிலையைக் கண்டால் பட்டியலில் எங்கோ ஒரு விதி உடைந்திருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

விதிகள் நான்குதான். முதல் நேரக்குறி 0:00 ஆக இருக்க வேண்டும். குறைந்தது மூன்று நேரக்குறிகள் வேண்டும். அவை ஏறுவரிசையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு அத்தியாயமும் 10 செக்கனாவது நீள வேண்டும். உங்கள் பட்டியலில் இவற்றுள் மூன்று உடைந்திருக்கின்றன.

உங்கள் பட்டியல் 4:10 இல் தொடங்குகிறது. விளக்கேற்றல் அங்கேதான் தொடங்குகிறது என்பதால் அதற்கு முன்னால் எழுத ஒன்றும் இல்லை என்று விட்டிருப்பீர்கள். ஆனால் அந்த நான்கு நிமிடத்துக்கும் ஒரு பெயர் கொடுத்தே ஆக வேண்டும். நான் அந்த இடத்தில் ‘விருந்தினர் வருகை’ என்று எழுதுவேன். உண்மையிலும் அப்போது மண்டபத்தில் அதுதான் நடக்கும். சனம் வந்து இருக்கிறது, சந்தனமும் கற்கண்டும் கொடுக்கிறார்கள், மேடையில் யாரோ ஒலிவாங்கியைத் தட்டிப் பார்க்கிறார். வெளிநாட்டில் இருந்து பார்ப்பவர்களில் சிலர் அந்தப் பகுதியைத்தான் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள், தெரிந்த முகம் ஏதும் தட்டுப்படுமா என்று. ஆகவே அதை வெறும் ‘தொடக்கம்’ என்று எழுதாமல் விடுங்கள்.

இரண்டாவது, ஆசியுரை. 1:32:25 க்குப் பிறகு 52:20 வருகிறது. இது கவனக்குறைவால் வந்த பிழை அல்ல என்பது பார்த்தவுடனே தெரிகிறது. நீங்கள் அச்சடித்த நிகழ்ச்சி நிரலை முன்னால் வைத்து, அதன் ஒழுங்கில் பெயர்களை எழுதி, பிறகு ஒவ்வொன்றுக்கும் நேரம் தேடியிருக்கிறீர்கள். நிரலில் ஆசியுரை தலைமையுரைக்கு அடுத்ததாக இருந்திருக்கும். அன்றைக்கு ஆசியுரை வழங்க இருந்தவர் தாமதமாக வந்திருப்பார், அவருக்காகக் காத்திராமல் வெளியீட்டுரையைத் தொடங்கியிருப்பார்கள். நம் ஊர் விழாக்களில் இது நடக்காத நாள் குறைவு. நிகழ்ச்சி நிரல் நடக்க வேண்டியதைச் சொல்கிறது. விளக்கத்தில் எழுதவேண்டியது நடந்ததை. பெயர்களை நிரலில் இருந்து எடுங்கள், ஒழுங்கைக் காணொளியில் இருந்து எடுங்கள்.

மூன்றாவது, முதற்பிரதிக்கும் சிறப்புப் பிரதிக்கும் இடையில் 7 செக்கன்தான். 10 செக்கனுக்குக் குறைந்தால் அத்தியாயம் ஆகாது. முதற்பிரதி கொடுத்த கையோடு அடுத்தவரை மேடைக்கு அழைத்துவிட்டார்கள். பார்க்கப்போனால் இரண்டும் ஒரே நிகழ்வு. ஒரே வரியில் ‘முதற்பிரதி, சிறப்புப் பிரதிகள்’ என்று எழுதிவிடலாம். முதற்பிரதி பெற்றவருக்குத் தனி வரி வேண்டும் என்று யாராவது கேட்டால், அந்த 7 செக்கன் நேரத்தைக் கருத்துப் பகுதியில் தனியாகப் போடுங்கள். அங்கே போடும் நேரம் அத்தியாயமாகாது, ஆனால் தொட்டால் அந்த இடத்துக்குப் போகும், பட்டியலையும் குழப்பாது.

இனி நேரம் தவறுவது. இதற்குக் காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். காணொளியை ஏற்றிய பிறகு, YouTube Studio வில் மின்தடைப் பகுதியை வெட்டியிருக்கிறீர்கள். அங்கே வெட்டினால் காணொளியின் முகவரி மாறாது, பார்த்தவர் எண்ணிக்கையும் கருத்துகளும் அப்படியே இருக்கும். அதனால்தான் பலரும் அங்கே வெட்டுகிறார்கள். ஆனால் விளக்கத்தில் நீங்கள் எழுதிய நேரங்களை அது தொடாது. அவை வெறும் எழுத்து. வெட்டுக்கு முன்னால் இருப்பவை சரியாகவே இருக்கும், பின்னால் இருப்பவை எல்லாம் வெட்டிய அளவு முன்னுக்கு வந்துவிடும், பட்டியல் மட்டும் பழைய இடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

எவ்வளவு வெட்டினீர்கள் என்பது நினைவில் இல்லாவிட்டால் அதைக் கணக்கிட ஒரே ஓர் இடம் போதும். வெட்டுக்குப் பிறகு சந்தேகமில்லாமல் அடையாளம் காணக்கூடிய ஒரு கணத்தை எடுங்கள். முதற்பிரதியின் நாடாவை அவிழ்க்கும் இடம் என்று வைப்போம். பட்டியலில் அதற்கு 1:24:30 என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதைய காணொளியில் அதே கணம் 1:18:05 இல் வருகிறது என்றால் வித்தியாசம் 6 நிமிடம் 25 செக்கன். வெட்டிய அளவு அதுவே. இதே அளவைக் கடைசியிலும் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். நன்றியுரை 2:45:40 இல் இருந்து 6:25 ஐக் கழித்தால் 2:39:15. காணொளியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் நன்றியுரையாளர் ஒலிவாங்கிக்கு வருகிறார் என்றால் கணக்குச் சரி. வெட்டுக்குப் பிறகுள்ள எல்லா வரிகளிலும் 6:25 ஐக் கழித்துவிடலாம். வெட்டுக்கு முன்னால் உள்ள நான்கையும், அதாவது விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, வெளியீட்டுரை ஆகியவற்றை, தொடக்கூடாது. மின்சாரம் போனது வெளியீட்டுரையின் நடுவில். ஆகவே அந்த உரையின் தொடக்கம் நகரவில்லை.

இரண்டு இடத்திலும் வித்தியாசம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது காரணத்தோடுதான். வித்தியாசம் எங்கும் ஒரே அளவாக இருந்தால் வெட்டியது தொடக்கத்தில். ஓர் இடம் வரை ஒன்றுமில்லை, பிறகு சட்டென்று ஒரு பாய்ச்சல் என்றால் நடுவில் ஒரு வெட்டு. இரண்டு பாய்ச்சல் என்றால் இரண்டு வெட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனிக் கழித்தல். வித்தியாசம் பாயாமல் மெல்ல மெல்ல வளர்கிறது என்றால் அது வெட்டே அல்ல. செக்கனுக்கு 29.97 படச்சட்டங்கள் ஓடும் காணொளியின் நேரங்களை, 30 என்று எண்ணும் தொகுப்பு மென்பொருளின் நேரக்கணக்கில் இருந்து எடுத்தால் இப்படி வரும். மணிக்கு 3.6 செக்கன் அளவு பிந்தும். உங்கள் காணொளி நீளத்துக்கு அது 10 செக்கனாகிவிடும், பேச்சாளர் வருவதற்கு முன்னால், போன பேச்சாளருக்குக் கைதட்டும் இடத்தில் போய் நிற்கும். இதற்குக் கழித்தல் கணக்கு வேண்டாம். நேரத்தைத் தொகுப்பு மென்பொருளில் எடுக்காமல், ஏற்றிய காணொளியிலேயே எடுத்தால் பிரச்சினையே வராது. நம்மவர்கள் பலர் செக்கனுக்கு 25 படச்சட்டத்தில் எடுப்பதால் இதைச் சந்திப்பதில்லை. கைத்தொலைபேசியில் எடுத்தவர்கள்தான் பெரும்பாலும் சந்திக்கிறார்கள்.

பத்து வரிக்குக் கழித்தலைக் கையாலேயே செய்துவிடலாம். ஒரு முழுநாள் மாநாட்டுக்கு 60 வரி இருந்தால் விரிதாளில் போடுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். எக்செலில் 4:10 என்று எழுதினால் அது நான்கு மணி பத்து நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். நான்கு நிமிடம் பத்துச் செக்கன் என்று எடுக்கவேண்டுமானால் 0:04:10 என்று மணியையும் சேர்த்து எழுத வேண்டும். பிறகு வெட்டுக்குப் பிந்திய முதல் வரியின் பக்கத்துக் கட்டத்தில், A2 க்குப் பதிலாக அந்த வரியின் நேரம் உள்ள கட்டத்தைப் போட்டு இதை எழுதி, கட்டத்தின் வடிவத்தை `[h]:mm:ss` என்று வைத்து, வெட்டுக்குப் பிந்திய வரிகளுக்கு மட்டும் கீழே இழுத்துவிடுங்கள்.

```
=A2-TIME(0,6,25)
```

வெட்டிய பிறகு இன்னொரு பொறுமை வேண்டும். நீண்ட காணொளியில் செய்த வெட்டு உடனே வெளியே தெரியாது. யூடியூப் அதைத் திரும்பத் தயாரிக்க மணிக்கணக்கில் எடுக்கும், அதுவரை பார்ப்பவர்களுக்குப் பழைய, வெட்டாத காணொளிதான் ஓடும். அந்த இடைவெளியில் நேரம் எடுத்தால் பழைய நேரத்தையே மறுபடியும் எழுதுவீர்கள். காணொளியின் மொத்த நீளம் குறைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பட்டியலில் கை வையுங்கள்.

நான் இந்த வெட்டை மேலே ஏற்றிய பிறகு செய்யவே மாட்டேன் என்று முடிவெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன்னர் ஒரு நினைவு நிகழ்வை ஏற்றினேன். கனடாவில் இருந்த மகள், தன் தகப்பனைப் பற்றி அவருடைய பழைய மாணவர் பேசிய இடத்தை, நேரத்தோடு சேர்ந்த இணைப்பாக உறவினர் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார். மறுநாள் நான் தொடக்கத்தில் 18 நிமிடம் வெட்டினேன். விளக்கத்தில் இருந்த நேரங்களையும் ஒழுங்காகத் திருத்தினேன். ஆனால் அவர் அனுப்பிய இணைப்பை என்னால் திருத்த முடியாது. திறந்தவர்கள் எல்லோருக்கும் வேறொருவர் பேசும் இடம் வந்தது. அந்தப் பிள்ளை கோபிக்கவில்லை. “அப்பாவைப் பற்றிப் பேசியதை ஏன் எடுத்துவிட்டீர்கள்?” என்று மட்டும் கேட்டார். அதை நான் இன்னும் மறக்கவில்லை. நேரத்தோடு அனுப்பும் இணைப்பின் முடிவில் `t=5070` என்பதுபோல ஒரு எண் இருக்கும். அது செக்கன் கணக்கு. 5070 செக்கன் என்றால் 1:24:30. உங்கள் வெட்டுக்குப் பிறகு அதே இடம் 4685. ஏற்கெனவே யாருக்காவது அனுப்பியிருந்தால் புதிய இணைப்பை அனுப்பிவிடுங்கள். கருத்துப் பகுதியில் மற்றவர்கள் எழுதிய நேரங்களும் இப்படியே பிழைத்திருக்கும்.

இனி அடுத்த விழாவுக்கு நேரம் எடுப்பது எப்படி என்று சொல்கிறேன், இதில் பெரும்பகுதி என் பழக்கம். பதிவுப் பொத்தானை அழுத்தியதும் மணிக்கூட்டைப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதுகிறேன். உங்கள் விழாவை எடுத்துக்கொண்டால், பிற்பகல் 3 மணி 52 நிமிடம் என்று வைப்போம். பிறகு ஒவ்வொருவரும் எழுந்து வரும்போது மணியையும், அவர் அணிந்திருக்கும் ஓர் அடையாளத்தையும் எழுதுகிறேன். ‘4 மணி 44, வெளியீட்டுரை, நீலச் சால்வை.’ வீட்டுக்கு வந்து கழித்தால் 52 நிமிடம். காணொளியில் 52 ஆவது நிமிடத்துக்குப் போய் ஒரு நிமிடம் முன்னும் பின்னும் பார்த்தால் இடம் கிடைத்துவிடும். இரண்டே முக்கால் மணி நேரத்தையும் மறுபடி ஓட்டிப் பார்க்கவேண்டியதில்லை. கமராவை இடையில் நிறுத்தித் தொடங்கினால் இந்தக் கணக்கு உடைந்துவிடும், ஆகவே நிறுத்திய மணியையும் தொடங்கிய மணியையும் எழுதுங்கள். மின்சாரம் போன மணியை நீங்கள் எழுதியிருந்தால் இன்றைக்கு இந்தக் கேள்வியே வந்திராது.

சரியாக எந்த இடத்தில் குறியை வைப்பது என்பதில் ஆளுக்கு ஆள் கருத்து வேறுபடும். நம் விழாக்களில் ஓர் உரைக்கு மூன்று தொடக்கங்கள் உண்டு. அறிவிப்பாளர் பேச்சாளரை அறிமுகம் செய்யத் தொடங்குவது ஒன்று. பேச்சாளர் நடந்து வந்து ஒலிவாங்கியைச் சரிசெய்து முதற்சொல் சொல்வது ஒன்று. தலைவர் அவர்களே, பேராசிரியர் அவர்களே என்று மேடையில் உள்ள எல்லோரையும் விளித்து முடித்துப் பொருளுக்கு வருவது ஒன்று. இவற்றுக்கு இடையில் நான்கைந்து நிமிடம் போய்விடும். நான் இரண்டாவதையே எடுக்கிறேன், முதற்சொல்லுக்கு இரண்டு செக்கன் முன்னால். விளிப்பைத் தாண்டிக் குறி வைத்தால் பேச்சாளரைக் கத்தரித்ததுபோல இருக்கும். அறிமுகத்தில் வைத்தால் பேச்சைக் கேட்க வந்தவர் வேறொருவர் குரலைக் கேட்டு, இடம் மாறிவிட்டது என்று எண்ணிப் போய்விடுவார். இரண்டு செக்கன் முன்னால் என்பதற்கு ஒரு காரணம், இங்கே செக்கனின் பின்னத்தை எழுத இடமில்லை. முழுச் செக்கன்தான். 21:50 க்கும் 21:51 க்கும் நடுவில் பேச்சுத் தொடங்கினால் எப்போதும் கீழ் எண்ணை எழுதுங்கள். மேல் எண்ணை எழுதினால் முதல் அசை வெட்டுப்படும், ‘அன்பார்ந்த’ என்பது ‘பார்ந்த’ என்று கேட்கும்.

பெயர் எழுதுவதிலும் நம் ஊருக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. கைத்தொலைபேசியில் அத்தியாயத்தின் பெயருக்குக் கிடைக்கும் இடம் சிறிது, மிச்சத்தை மூன்று புள்ளியால் மூடிவிடும். ‘வெளியீட்டுரை, வாழ்நாள் பேராசிரியர், கலாநிதி’ என்று தொடங்கினால் பேச்சாளரின் பெயர் வருவதற்குள் இடம் முடிந்துவிடும். பட்டத்தை விட்டால் மரியாதைக் குறைவு என்று நிலையத்துப் பெரியவர்கள் சொல்வார்கள், அதுவும் நியாயம்தான். நான் அத்தியாய வரியில் உரையின் வகையையும் பேச்சாளர் பெயரையும் மட்டும் எழுதி, அதற்குக் கீழே ஒரு பந்தியில் எல்லோருடைய பெயரையும் பட்டம், பதவி, நிறுவனம் ஒன்றும் குறையாமல் எழுதுகிறேன். இதுவரை யாரும் மனங்கோணவில்லை. மதிப்பீட்டுரை உங்கள் பட்டியலில் 43 நிமிடம் ஒரே துண்டாகக் கிடக்கிறது. இரண்டு பேர் பேசியிருந்தால் கட்டாயம் இரண்டாகப் பிரியுங்கள். ஒருவரே பேசியிருந்தாலும் நூலின் மொழிநடைக்கு வரும் இடம், வரலாற்றுக்கு வரும் இடம் என்று ஒரு குறி வைத்தால், நூலைப் பற்றித் தேடி வருபவருக்கு அது உதவும். ஆனால் ஒவ்வொரு வாழ்த்துக்கும் குறி வைக்க வேண்டாம். துண்டுகள் மெலிந்தால் சிறிய திரையில் விரலால் தொடவே முடியாது. உங்கள் காணொளிக்குப் பத்துப் பன்னிரண்டு போதும்.

வெட்டிய அளவு 6:25 தான் என்றால் திருத்திய பட்டியல் இப்படி வரும். பேச்சாளர் பெயர்களை நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

```
0:00 விருந்தினர் வருகை
4:10 மங்கல விளக்கேற்றல்
9:35 வரவேற்புரை
21:50 தலைமையுரை
52:20 வெளியீட்டுரை
1:18:05 முதற்பிரதி, சிறப்புப் பிரதிகள்
1:26:00 ஆசியுரை
1:31:40 மதிப்பீட்டுரை
2:14:30 ஏற்புரை
2:39:15 நன்றியுரை
```

இதை ஒட்டும்போது எழுத்திலும் சில பொறிகள் இருக்கின்றன. நாம் பள்ளியில் இருந்தே நேரத்தை 4.10 என்று புள்ளி வைத்து எழுதிப் பழகியவர்கள். இங்கே புள்ளி வைத்தால் அது நேரமாகவே எடுபடாது, முக்காற்புள்ளிதான் வேண்டும். இதற்கு நேர் எதிரான பொறி, நேரக்குறி அல்லாத இடத்தில் முக்காற்புள்ளி வருவது. விளக்கத்தின் முதல் வரியிலேயே ‘மாலை 3:30 மணிக்கு நடைபெற்ற விழா’ என்று எழுதினால் அந்த 3:30 உம் நீலமாகி, காணொளியின் மூன்றரை நிமிடத்துக்கு இணைப்பாகிவிடும். தேவாலய நிகழ்வுகளை ஏற்றும் நண்பர் ஒருவருக்கு ‘யோவான் 3:16’ இப்படி ஆனது. பட்டியலுக்கு மேலே இப்படி ஒரு நேரம் நின்றால், பட்டியல் 0:00 இல் தொடங்குகிறது என்ற நிலையே ஐயத்துக்கு உள்ளாகிறது. அதனால் விழா நடந்த மணியை ‘மூன்றரை மணி’ என்று சொல்லாலேயே எழுதுகிறேன். அம்புக்குறி போட்டு `->` என்று பிரிப்பவர்களும் உண்டு. `>` என்ற குறியை விளக்கப் பெட்டி ஏற்காது. நேரம், ஓர் இடைவெளி, பெயர், அவ்வளவே போதும்.

விளக்கத்துக்கு 5000 எழுத்து எல்லை உண்டு. தமிழில் அது நாம் நினைப்பதைவிட விரைவாக நிரம்பும். ‘வெ’ என்று நாம் ஓர் எழுத்தாக வாசிப்பது கணினிக்கு வகரமும் கொம்புமாக இரண்டு, ‘ட்’ என்பதும் புள்ளியோடு சேர்த்து இரண்டு. பட்டங்கள், அனுசரணையாளர் பெயர்கள், வாழ்த்துச் செய்தி எல்லாம் போட்ட பிறகு கடைசியில் அத்தியாயப் பட்டியலைப் போட இடமில்லாமல் போகலாம். பட்டியலை முதலில் ஒட்டுங்கள், மற்றவற்றை அதற்குக் கீழே எழுதுங்கள்.

சேமித்த பிறகு சில நிமிடம் விட்டுப் பக்கத்தைப் புதுப்பியுங்கள். கோடு பிரிந்திருந்தால், கணினியில் Ctrl விசையைப் பிடித்துக்கொண்டு வலப்பக்க அம்பை அழுத்துங்கள், அடுத்த அத்தியாயத்தின் தொடக்கத்துக்குப் போகும். ஒவ்வொன்றிலும் ஐந்து செக்கன் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால் பத்து அத்தியாயத்தையும் ஒரு நிமிடத்துக்குள் சோதித்துவிடலாம். பெயர் மாறியிருந்தாலும், ஒருவர் பேச்சின் நடுவில் போய் விழுந்தாலும் அப்போதே தெரியும். நான் இந்தச் சோதனை செய்யாமல் இணைப்பை யாருக்கும் அனுப்புவதில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தும் கோடு பிரியவில்லை என்றால் பட்டியலை விட்டுவிட்டு அலைவரிசையைப் பாருங்கள். அலைவரிசைக்கு நடப்பில் ஓர் எச்சரிக்கைத் தண்டனை, திரையில் ‘Strike’ என்று வருவது, இருந்தால் அத்தியாயங்கள் கிடைக்காமல் போகலாம் என்று யூடியூப்பே சொல்லியிருக்கிறது. சிலருக்குப் பொருந்தாது என்று அது கருதும் காணொளிக்கும் அப்படியே. விழா தொடங்கும் முன் ஒலிபெருக்கியில் போட்ட பாட்டுக்கு உரிமை கோரி ஓர் அறிவிப்பு வந்திருந்தால் பயப்பட வேண்டாம். அது ‘Claim’, தண்டனை அல்ல. Studio வில் காணொளியின் விவரங்களில் Show more ஐத் திறந்தால் Allow automatic chapters and key moments என்று ஒரு தெரிவு இருக்கும். நீங்கள் எழுதிய பட்டியல் சரியாக அமைந்தால் அதுவே முன்னுரிமை பெறும், இயந்திரம் பிரித்தது விலகிவிடும். இப்போது உங்கள் பட்டியல் விழுந்து கிடப்பதால், நீங்கள் எழுதாத பெயர்கள் என்றைக்காவது அந்த இடத்தில் முளைத்தால் அவை இந்தத் தெரிவில் இருந்து வருபவை. வேண்டாமென்றால் அடையாளத்தை எடுத்துவிடுங்கள்.

வெட்டாத மூலப் பதிவையும் பழைய பட்டியலையும் அழித்துவிடாதீர்கள். நூலாசிரியரோ பேச்சாளர் ஒருவரோ தன் உரையை மட்டும் தனியாகக் கேட்டு வருவார், அப்போது நீங்கள் வெட்டி எடுக்கப்போவது மூலப் பதிவில் இருந்து. அதற்கு 6:25 கழிக்காத அந்த முதற்பட்டியலே சரியான பட்டியல். இரண்டு பட்டியலின் தலையிலும் எது எந்தக் காணொளிக்கு உரியது என்று எழுதி வையுங்கள்.